சலுகைக் கடன் கணக்கில் நான் தவறவிட்ட மாதக் கடைசி

சி.ஏ. இன்டர் வரித்தாளுக்கு நான் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில்தான் படித்தேன். சம்பளம் என்ற பாடத்தில் வாடகைப்படி, கிராஜுவிட்டி எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டன. மாதிரித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது மூன்று மார்க் கேள்வி ஒன்று: முதலாளி ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால், அதனால் வரும் பெர்க்விசிட், அதாவது காசாக வராமல் சம்பளத்தோடு சேரும் சலுகையின் மதிப்பு எவ்வளவு?

கேள்வி இதுதான். ஒருவர் 2024 ஜூலை 15 அன்று தன் கம்பெனியிடம் கார் வாங்க 2,40,000 ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி 3 சதவீதம், மாதக் கடைசி நிலுவையின் மேல் கணக்கிட்டு அந்தந்த மாதம் பிடிக்கிறார்கள். அசல் மாதம் 10,000 வீதம், செப்டம்பர் 7 முதல் ஒவ்வொரு 7-ஆம் தேதியும் பிடித்தம். 2024 ஏப்ரல் 1 அன்று கார் கடனுக்கு ஸ்டேட் பாங்கின் வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. 9-இல் 3 போனால் 6 சதவீதம், ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதம், 2,40,000-க்கு 10,800 ரூபாய் என்று எழுதிவிட்டேன். சரியான விடை 9,400. கடன் குறைந்துகொண்டே வருவதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

1962 வருமான வரி விதிகளில் 3(7)(i) இதைச் சொல்கிறது. ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளிலும் எவ்வளவு கடன் பாக்கி நிற்கிறதோ, அதன் மேல் ஸ்டேட் பாங்க் விகிதத்தில் வட்டி போட வேண்டும். அதிலிருந்து ஊழியர் உண்மையாகவே கட்டிய வட்டியைக் கழிக்க வேண்டும். விதியில் 'அதிகபட்ச மாத நிலுவை' என்று வருவதைப் படித்துவிட்டு, மாதத்தில் எந்த நாளில் பாக்கி அதிகமோ அதை எடுக்கணும் போல என்று நினைத்தவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். விதியே அதற்கு விளக்கம் தருகிறது: மாதக் கடைசி நாளின் பாக்கி, அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜூலை 31 அன்று பாக்கி 2,40,000. கடன் வாங்கியது 15-ஆம் தேதி என்றாலும் ஜூலைக்கு முழு மாத வட்டிதான். ஆகஸ்ட் 31 அன்றும் 2,40,000, ஏனென்றால் முதல் தவணை செப்டம்பர் 7-இல்தான் போகிறது. செப்டம்பர் கடைசியில் 2,30,000, அப்புறம் மாதம் 10,000 இறங்கி மார்ச் 31-இல் 1,70,000. ஒன்பது பாக்கிகளையும் கூட்டினால் 18,80,000. ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம், அதனால் 14,100 ரூபாய். அவர் கட்டிய 3 சதவீத வட்டி, மாதத்துக்கு 0.25 வீதம், 4,700 ரூபாய். மீதி 9,400-தான் சம்பளத்தோடு சேரும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு இதற்கான வரி ஏறக்குறைய 1,955 ரூபாய்.

ஆகஸ்ட் மாதத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கடன் வாங்கிய அடுத்த மாதமே 10,000-ஐக் குறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டுத்தொகை 18,00,000 ஆகி, விடை 9,000 என்று வரும். தவணை எந்தத் தேதியில் பிடிக்கப்படுகிறது என்பதைக் கேள்வியில் அடிக்கோடிட்டுவிட்டு, ஓரத்தில் மாதங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் பாக்கியைப் போடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

விடையில் 9-இல் 3-ஐக் கழித்து நேராக 6 சதவீதம் போடும் குறுக்குவழியும் எனக்குப் பிடிக்காது. மேலே உள்ள கணக்கில் அது பொருந்தும், 18,80,000-க்கு மாதம் 0.5 சதவீதம் போட்டால் அதே 9,400 வரும். ஆனால் இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, வட்டியை அசல் முழுக்க அடைந்த பிறகுதான் பிடிப்பார்கள் என்று கொடுத்தால்? இந்த ஆண்டு அவர் வட்டியாக ஒரு பைசா கட்டவில்லை. விதி 'உண்மையில் கட்டிய வட்டி' என்று சொல்வதால் கழிக்க ஒன்றும் இல்லை, முழு 14,100-ம் பெர்க்விசிட் ஆகிவிடும். அதனால் இரண்டு வட்டியையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். திருத்துபவருக்கும் உங்கள் வழி தெரியும்.

வரம்பு பற்றி ஒரு வார்த்தை. இந்த விதிகளின்படி, கடன்கள் எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாய்க்குள் இருந்தால் பெர்க்விசிட் இல்லை. இது கழிவு அல்ல, வாசல்படி. பண்டிகைக் கடன் 12,000, பள்ளிக் கட்டணத்துக்கு 10,000 என்று வாங்கியிருந்தால் மொத்தம் 22,000, அப்போது 2,000-க்கு மட்டும் இல்லை, 22,000-க்கும் கணக்குப் போட வேண்டும். புற்றுநோய், காசநோய் போல விதி 3A-வில் உள்ள நோய்களின் சிகிச்சைக்கான கடனுக்கும் விலக்கு உண்டு, காப்பீட்டில் திரும்பக் கிடைத்த பகுதிக்கு மட்டும் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய ஆண்டுக்குப் படிப்பவர்கள் வரம்புத் தொகையை அந்த ஆண்டின் பாடப்பொருளிலிருந்தே எடுங்கள்.

ஏன் ஸ்டேட் பாங்க் விகிதம் என்ற கேள்வி எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வங்கியில் வேலை செய்யும் அண்ணன் இருக்கிறார். ஒரு நாள், முதலாளி தந்த சலுகைகளைப் பட்டியலிடும் தன் படிவம் 12BA-வை என்னிடம் நீட்டினார். சலுகைக் கடன் என்ற வரிசையில் ஒரு தொகை அச்சாகியிருந்தது. "கையில காசே வரலையேம்மா, இதுக்கு எதுக்கு வரி?" என்று கேட்டார். காசு வரவில்லை என்றாலும், வெளியே கட்ட வேண்டியிருந்த வட்டி அவருக்கு மிச்சமாகிறதே, அந்த மிச்சம்தான் சம்பளம் என்றேன். "எங்க பாங்க் ரேட்டை வச்சு பார்க்கக் கூடாதா?" என்றார்.

வங்கி ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன வழக்கிலும் இந்தக் கேள்வி இருந்தது. 2024 மே 7 அன்று வந்த தீர்ப்பு விதியைச் செல்லும் என்றது. ஆளுக்கு ஆள், வங்கிக்கு வங்கி வேறு வேறு விகிதம் வைத்தால் தகராறுதான் பெருகும், நாட்டின் பெரிய வங்கியின் விகிதம் ஒரே அளவுகோலாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். கோட்பாட்டுக் கேள்வி வந்தால் இந்த இரண்டு வரி போதும்.

அண்ணனின் படிவத்தை ஒத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அவர் வாங்கியது பைக் கடன். அலுவலகத்தில் தனிநபர் கடன் விகிதத்தைப் போட்டிருந்தார்கள், அது அதிகம். விதி கேட்பது 'அதே நோக்கத்துக்கான' கடனின் விகிதம், அதுவும் நிதியாண்டின் முதல் நாளில் இருந்தது. கடன் வாங்கிய நாளின் விகிதம் இதில் வராது. தேர்விலும் கார், வீடு, தனிநபர் என மூன்று விகிதம் கொடுத்து எது பொருந்தும் என்று பார்ப்பார்கள். அண்ணன் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலை, பைக் என்று எழுதியிருந்த வரியை வட்டமிட்டு, சம்பளப் பிரிவில் கொடுத்தார். அடுத்த வாரம் திருத்திய படிவத்தோடு மாடிக்கு வந்து, மாத நிலுவைகளை ஒருமுறை என்னோடு சேர்ந்து கூட்டிப் பார்த்தார்.