சிறுநீரில் சர்க்கரையை இறக்கிவிடும் மாத்திரையும் மூன்று நாள் வயிற்றுப்போக்கும்

எனக்குச் சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. 56 வயதில் எடுத்த பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4 என்றும், சிறுநீரில் அல்புமின் விகிதம் 420 என்றும் வந்தது. 30க்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, மருத்துவர் டாபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று என்று சேர்த்தார்.

சிறுநீரகம் வடிகட்டும் சர்க்கரையைச் சோடியத்தோடு சேர்த்து மீண்டும் ரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும் கடத்தியை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. இழுக்கப்படாத சோடியம் சிறுநீரக நுண்குழாயின் கீழ்ப்பகுதிக்குக் கூடுதலாக வந்து சேர்வதால், வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் தமனி சற்றுச் சுருங்கி, அங்கே நெடுநாளாக இருந்த மிகை அழுத்தம் குறைகிறது. சிறுநீரகத்தைக் காப்பதில் இதற்குத்தான் பெரும்பங்கு என்றார் அவர். இந்த மாத்திரையைச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில், சிறுநீரகச் செயல்பாடு பாதியாகக் குறைதல், முற்றாகச் செயலிழத்தல், சிறுநீரக அல்லது இதய நோயால் இறத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். இதை எடுத்தோரில் ஒன்பது பேர்.

நான்கு வாரத்தில் கிரியாட்டினின் 1.55 ஆக ஏறியதைப் பார்த்துப் பதறினேன். வடிகட்டியின் அழுத்தம் குறையும்போது முதலில் வடிகட்டும் அளவும் சிறிது இறங்குவது எதிர்பார்த்ததே என்றும், 59இலிருந்து 52க்கு இறங்கிய என் வடிகட்டும் அளவு, 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால்தான் ஆராய வேண்டும் என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது என்றும் சொல்லி அவர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை மூன்று கூட்டல் குறி காட்டியதற்கும் மாத்திரைதான் காரணம்.

மூன்றாம் மாதம் ஆணுறுப்பின் நுனித்தோலுக்கு அடியில் அரிப்பும் சிவப்பும் வந்து, தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. இரண்டு நாள் அடங்கிய அரிப்பு, மூன்றாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பியது. சிறுநீரில் வரும் சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சைத் தொற்று அது. மருத்துவர் தந்த க்ளோட்ரிமசோல் களிம்பில் ஒரு வாரத்தில் தணிந்தது. பெண்களுக்கு இது இன்னும் அதிகமாக வருமாம். சிறுநீர் கழித்தபின் நீரால் கழுவி, ஈரம் ஒற்றி, பருத்தி உள்ளாடை அணிவதை வழக்கமாக்கிய பின்பு எனக்குத் திரும்ப வரவில்லை. பிறப்புறுப்பிலிருந்து ஆசனவாய் வரையிலான பகுதியில் வீக்கமும் கடும் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் களிம்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்றும் எச்சரித்தார்; அது அரிதானது, ஆனால் உயிரையே பறிக்கக்கூடியது.

நான் தவறு செய்தது அடுத்த ஆண்டு. ஒரு திருமண விருந்துக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ள, மூன்று நாட்கள் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. மாத்திரைகளை மட்டும் தவறாமல் விழுங்கினேன். குளுக்கோமீட்டர் 172 காட்டியதால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்ற நிம்மதி வேறு. மூன்றாம் நாள் மாலை மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கத் தொடங்கியது. "ஏங்க, உங்க மூச்சுல ஏதோ பழ வாடை அடிக்குது" என்று மனைவி சொன்ன பிறகே மருத்துவமனைக்குப் போனோம். கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலமான கீட்டோன் ரத்தத்தில் 3.4 இருந்தது. 1.5க்கு மேலேயே ஆபத்தாம்.

உணவு இறங்காதபோதும் மாத்திரை சர்க்கரையை வெளியேற்றிக்கொண்டே இருந்ததால் ரத்தச் சர்க்கரை ஏறவில்லை. இன்சுலின் குறைந்ததும் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோனைக் குவித்தது. 172 என்ற எண் இந்த ஆபத்தை மறைத்துவிட்டது. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இன்சுலினும் செலுத்த, இரண்டு நாளில் தேறினேன்.

அன்று முதல் எனக்கு எழுதித் தந்த விதி இது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என எதனாலாவது வழக்கம்போல் உண்ணவோ குடிக்கவோ முடியாத நாளில் இந்த மாத்திரையை அன்றே நிறுத்திவிட வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டியவையே. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் குமட்டல், வயிற்று வலி, மூச்சிரைப்பு இருந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். வழக்கம்போல் உண்டு குடித்து ஓரிரு நாள் கழிந்த பிறகே மாத்திரையை மீண்டும் தொடங்கலாம். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். நீண்ட உபவாசத்துக்கு முன்பும் மருத்துவரைக் கேட்க வேண்டும். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்து வந்த நான், இப்போது ஒரு வேளை கூடத் தவிர்ப்பதில்லை.

அல்புமின் விகிதம் இப்போது 190, கிரியாட்டினின் 1.5இல் நிற்கிறது. அந்த விதியை மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்புறம் மனைவி ஒட்டி வைத்திருக்கிறார்.