போல்ட் ஓவர்லாப்னு கண்ணை மூடிட்டு Ignore போடாதீங்க

கியர்பாக்ஸ் அசெம்ப்ளி ஒன்னு டிராயிங் ரிலீஸுக்கு முன்னாடி சாலிட்வொர்க்ஸ்ல Interference Detection ஓட்டினேன், லிஸ்ட் நீளமா வந்துச்சு. அதுல முக்காவாசி போல்ட்தான், அது எப்பவும் வர்றதுதான். M8 போல்ட்டை 8 மிமீ சிலிண்டரா மாடல் பண்ணிருப்போம், டேப் ஹோலை 6.8 டிரில் சைஸ்ல விட்டிருப்போம், அப்போ திரெட் கடிக்கிற இடம் முழுக்க ஓவர்லாப்பாதான் தெரியும். Create fasteners folder டிக் பண்ணா எல்லாம் தனி ஃபோல்டர்க்கு போயிரும், நிறைய பேர் அந்த ஃபோல்டரைத் திறந்தே பாக்க மாட்டாங்க.

நான் திறந்து ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல இருக்கிற வால்யூமைப் பாப்பேன். கவர்ல 6 போல்ட், எல்லாமே M8 × 25. கவர் 10 மிமீ, வாஷர் 1.6, மிச்சம் 13.4 மிமீ ஹவுசிங்குக்குள்ள போகுது. 8க்கும் 6.8க்கும் நடுவுல இருக்கிற வளையம் சுமார் 14 சதுர மிமீ, அதை 13.4ஆல பெருக்கினா 187 கன மிமீ. 5 போல்ட்டுக்கு சரியா அதுதான் வந்துச்சு, ஒன்னுல மட்டும் 310. உடனே அந்த இடத்துல செக்‌ஷன் வெட்டிப் பாத்தேன், அடியில சுவர் மெலிசுன்னு அந்த ஹோலை 10 மிமீ ஆழத்தோட நிறுத்திருக்காங்க, மீதி 3.4 மிமீ போல்ட் அப்படியே இரும்புக்குள்ள புதைஞ்சு நிக்குது. இதை ஃபோல்டரோட Ignore பண்ணிருந்தா ஷாப்ல போல்ட் அடியில முட்டி டார்க் ரீடிங் சரியா காட்டும், ஆனா கவர் இறுகியிருக்காது, அந்த மூலையில ஆயில் கசியும்.

சின்ன போல்ட் போட்டா திரெட் பிடிப்பு பத்தாது, அதனால காஸ்டிங்ல உள்பக்கம் பாஸைத் தடிப்பாக்கி மத்த ஹோல் மாதிரியே 20 ஆழம் டிரில், 16 திரெட்னு மாத்தினோம். திரும்ப ஓட்டினப்போ ஆறும் 187.

ஓ-ரிங் ஓவர்லாப்பை விட்டுட்டேன், ஆனா பாத்துட்டுதான். 3 மிமீ ரிங், குரூவ் ஆழம் 2.4, கவர் பக்கம் 0.6 மிமீ உள்ள போகுது, அதாவது 20 சதவீதம் அமுங்குது, முகத்துல உக்கார்ற ஸ்டாட்டிக் சீலுக்கு இது வேணும். குரூவோட பக்கச் சுவத்துல ஓவர்லாப் காட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன், ஏன்னா அமுங்குற ரப்பர் பக்கவாட்டுல போக இடம் வேணும்.

இன்னொன்னு, லிஸ்ட்ல வராதது எல்லாம் சரின்னும் நினைக்காதீங்க. பேரிங் உக்கார்ற ஷாஃப்ட் 25 k6, மாடல்ல ரெண்டும் 25 தான், அதனால ஓவர்லாப்பே காட்டாது, நிஜத்துல இறுக்கமாதான் ஏறும். அந்த ஃபிட்டை டிராயிங்ல டாலரன்ஸ் வச்சுத்தான் செக் பண்ணனும்.

விட்டது ஒவ்வொன்னுக்கும் என்ன ஓவர்லாப், ஏன் விட்டோம்னு ரிலீஸ் நோட்ல ஒரு வரி எழுதினேன். அடுத்த ரிவிஷன்ல போல்ட் நீளமோ கவர் தடிமனோ மாறினா Show ignored interferences போட்டு பழசையும் சேத்து முதல்ல இருந்து பாக்கணும்னும் அதுலயே எழுதி வச்சிருக்கேன்.