இருபதுக்குப் பத்து வாய்க்கால்: பூச்சு தின்ற இரண்டரை சென்டிமீட்டர்

வாய்க்கால் கட்டி முடித்துத் தண்ணீர் விட்டாயிற்று. 10 செ.மீ. ஆழத்தில் ஓட வேண்டிய தண்ணீர் பன்னிரண்டரையில் ஓடுகிறது. மூன்று வாரமாக இதே நினைப்புதான்.

இடம் காவேரிப்பட்டணம் பக்கம், எங்கள் மாந்தோப்பு. கிணற்றுத் தொட்டியிலிருந்து பெங்களூரா மரங்கள் வரை 30 மீட்டர். பைப் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும், தெரியும். எனக்குத் திறந்த வாய்க்கால் ஓடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்துப் பார்த்தேன். 22 நொடியில் நிறைந்தது. ஆக நொடிக்கு 9 லிட்டர் சொச்சம். தரையின் வாட்டம் 500க்கு 1. திறந்த வாய்க்காலின் ஓட்டத்தை வாட்டம், வடிவம், சொரசொரப்பை வைத்துச் சொல்லும் மேனிங் கணக்கில் சுமார் 200 சதுர செ.மீ. தண்ணீர்க் குறுக்குவெட்டு தேவை என்று வந்தது. அதை எந்த வடிவத்தில் வைப்பது என்பதில்தான் மேஸ்திரியோடு தகராறு.

"நாப்பது அகலம், அஞ்சு ஆழம் வைங்க சார். மண்வெட்டி உள்ள போகும், சேறு வழிக்கலாம்" என்றார். அப்படி வைத்தால் தண்ணீர் உரசும் அடியும் இரு பக்கமும் சேர்த்து 50 செ.மீ. குறுகலாக 10 அகலம், 20 ஆழம் வைத்தாலும் அதே 50. இருபதுக்குப் பத்தில் 40தான். உரசல் குறைந்தால் அதே பரப்பில் அதிகத் தண்ணீர் போகும். 50 வைத்திருந்தால் நீரோட்டம் 14 சதவீதம் குறைந்திருக்கும்.

அகலம் ஏன் சரியாக ஆழத்தின் இரு மடங்கு? வகைக்கெழு போட்டும் காட்டலாம். எனக்குப் பிடித்தது கண்ணாடி வழி. தண்ணீர் மட்டத்தில் ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்ததாக நினையுங்கள். வாய்க்காலும் அதன் பிம்பமும் சேர்ந்து மூடிய ஒரு செவ்வகம் ஆகிவிடும், தண்ணீர் ஆழம் y என்றால் அதன் அகலம் b, உயரம் 2y. அதன் சுற்றளவு, தண்ணீர் உரசும் அந்த நனைந்த சுற்றளவைப் போல் இரண்டு மடங்கு. குறிப்பிட்ட பரப்புக்குச் சுற்றளவு குறைந்த செவ்வகம் சதுரம்தானே? அப்போ b = 2y.

இதில் மில்லிமீட்டர் சுத்தம் தேவையே இல்லை. 25 அகலம், 8 ஆழம் வைத்தாலும் சுற்றளவு 41. 16 அகலம், பன்னிரண்டரை ஆழம் என்றாலும் 41. மிகக் குறைந்த அந்த 40ஐ ஒட்டிச் சுற்றளவு அவ்வளவு மெதுவாகத்தான் ஏறுகிறது. இது முன்பே உறைத்திருந்தால் 25 வைத்து மேஸ்திரியையும் சமாதானப்படுத்தியிருப்பேன்.

இன்னொன்று, அந்தப் பாதிக் கணக்கு தண்ணீருக்கு, சுவருக்கு இல்லை. மேஸ்திரி சுவரையே 10 செ.மீ.யில் நிறுத்தப் பார்த்தார். மேலே 5 விட்டு 15 வைக்கச் சொன்னேன். நல்ல வேளை.

சரி, அந்த இரண்டரை எங்கே போனது? முதலில் வாட்டத்தைச் சந்தேகப்பட்டேன். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தால் தலைக்கும் கடைக்கும் 6 செ.மீ. சரியாக இருந்தது. அப்புறம்தான் டேப்பை உள்ளே விட்டேன். அகலம் 17.6! நான் நூல் கட்டிக் கொடுத்த 20, கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில். இரண்டு பக்கமும் 12 மி.மீ. பூச்சை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

ஆனால் அகலக் குறைவை மட்டும் போட்டுப் பார்த்தால் ஆழம் 11.2தான் வருகிறது. மிச்சத்துக்குக் காரணம் சொரசொரப்பு. மேனிங் கணக்கின் சொரசொரப்பு எண் n = 0.013 என்று நம்பிக் கணக்குப் போட்டேன். மட்டப்பலகையால் தேய்த்ததோடு விட்டிருக்கிறார்கள், சிமெண்ட் பால் ஊற்றி இழைக்கவில்லை. கையை வைத்தால் எம்சாண்ட் குத்துகிறது. 0.015 போட்டால் பன்னிரண்டரை சரியாகப் பொருந்துகிறது. சுவரின் மேல் மிச்சம் 5க்குப் பதில் இரண்டரை. போன ஞாயிறு நாலு மாவிலை அடைத்ததும் வழிந்துவிட்டது.

சுவரை இடிக்க மனசில்லை. சிமெண்ட் பால் பூசிக் கரணையால் இழைக்கிறேன், அதுவும் கடைசியிலிருந்து மேல்நோக்கி. இந்த மாதிரி நிதானமான ஓட்டத்தில் கீழே உள்ள தடைதான் மேலே ஆழத்தை ஏற்றும். தலைப்பக்கம் முதலில் இழைத்தால் பலன் உடனே தெரியாது. முழுக்க இழைத்தாலும் 11.2க்குக் கீழே வராது, தெரிந்தே செய்கிறேன்.

இதற்கிடையில் பழைய சிமெண்ட் குழாயைப் பாதியாக அறுத்துத் தர முடியுமா என்று ஒரு கடையில் விசாரித்தேன். அரைவட்டத்தில் அதே 200க்குச் சுற்றளவு 35.4தான். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அறுத்தா உடையும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஓட்டத்தை அளக்கத் தகரத்தில் செங்கோண வி-வெட்டு ஒன்றும் வெட்டி வைத்திருக்கிறேன். அதில் தண்ணீர் 13 செ.மீ. சொச்சம் ஏறினால் டிரம் கணக்கு சரி.

இதுவரை 12 மீட்டர் இழைத்தாயிற்று. வாய்க்காலின் கடைசியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தானாகத் தாழ்ந்துவிடும், அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம். ஸ்கேலை நடுவில்தான் வைப்பேன், அதற்கு இன்னும் இரண்டு ஞாயிறு ஆகும்.