இரணியன் கேட்ட வரமும் சிராங்கூன் சாலைப் பெருமாளும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவில் என்றால் நம்மில் பலருக்குத் தைப்பூசக் காவடி கிளம்பும் இடம் என்றுதான் தெரியும். 1855-இல் தொடங்கிய இந்தக் கோவிலுக்கு முதலில் நரசிம்மப் பெருமாள் கோவில் என்றே பெயர். அதனால் நரசிம்ம ஜயந்தி அன்று எங்கே போகலாம் என்று எனக்கு யோசனையே வராது. ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி, வேர்த்து விறுவிறுக்கக் கோபுர வாசலுக்கு வந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

வைகாசி வளர்பிறைச் சதுர்த்தசி, அந்தி நேரம். இதுதான் அவதார வேளை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அந்தி ரொம்பக் குறைவு. ஏழு மணி வாக்கில் சூரியன் இறங்கினால் இருபது நிமிடத்துக்குள் இருட்டிவிடும். பகலும் இல்லாமல் இரவும் இல்லாமல் இருக்கும் நேரம் எவ்வளவு சின்னது என்பது இந்த ஊரில் கண்ணுக்கே தெரியும்.

மண்டபத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குக் கதை தெரியும், ஆனால் சந்தேகம் தீரவில்லை.

"பாட்டி, துப்பாக்கியால சுட்டா?"

"ஆயுதத்தால சாகக்கூடாதுன்னு கேட்டுட்டானே கண்ணா."

"மேலேருந்து கல்லு விழுந்தா?"

"உயிர் இல்லாததும் கொல்லக்கூடாது, உயிர் உள்ளதும் கொல்லக்கூடாது."

பையன் சோர்ந்துபோனான். இரணியனும் இப்படித்தான் ஒவ்வொரு வழியாக யோசித்து அடைத்திருப்பான்.

பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் இது விவரமாக இருக்கிறது. மந்தர மலைச் சாரலில் கால் கட்டைவிரலை ஊன்றி, கைகளைத் தூக்கி நின்று தவம் செய்கிறான். உடம்பைப் புற்று மூடி, எறும்பு அரித்து, எலும்புதான் மிச்சம். பிரம்மா கமண்டல நீரைத் தெளித்து எழுப்பியதும் பட்டியல் போடுகிறான். உள்ளே, வெளியே, பகல், இரவு, தரை, ஆகாயம், மனிதன், விலங்கு, தேவர், அசுரர் எதுவும் தன்னைக் கொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னது: "நீ படைத்த எதனாலும் எனக்குச் சாவு வரக்கூடாது."

நான் அடிக்கடி யோசிப்பது இந்த முதல் நிபந்தனையைத்தான். பெருமாள் பிரம்மா படைத்தவர் இல்லை; பிரம்மாவே அவருடைய நாபிக் கமலத்தில் பிறந்தவர். அப்படியானால் அந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது. சக்கரத்தை விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் பட்டியலில் பிரம்மா தலையாட்டிய மற்ற வரிகளும் இருக்கின்றனவே, அந்த வாக்கு என்ன ஆவது? அதனால் ஒரு வரியைக்கூட மீறாமல் வருகிறார். ஆள் இல்லை, மிருகமும் இல்லை, அதனால் சிங்க முகமும் மனித உடலும். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படி. தரையும் ஆகாயமும் வேண்டாமென்று தன் மடி. ஆயுதத்துக்குப் பதில் நகம்; வெட்டினால் வலிக்காது, ஆனாலும் வளரும், அதை உயிருள்ளது என்பதா இல்லாதது என்பதா? நரசிம்மரின் உருவத்தை வரைந்து கொடுத்தவனே இரணியன்தான் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு வாக்கும் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது. அவர் எங்கும் இருக்கிறார் என்றான் பிரகலாதன். அடியான் சொன்ன அந்தச் சொல்லை மெய்யாக்கவே தூணில் தோன்றினார் என்கிறது பாகவதம். அது "அளந்திட்ட தூண்" என்கிறார் பெரியாழ்வார். இரணியன் தானே அளந்து கட்டிய தூண், தானே தட்டியது. யாரோ முன்கூட்டியே உள்ளே சிங்கத்தை ஒளித்து வைத்தார்கள் என்று பேச வழியில்லை என்று உரைகாரர்கள் அழகாக விளக்குவார்கள்.

அப்புறம் உடனே முடிந்துவிடவில்லை. ஒரு தடவை பிடியிலிருந்து நழுவுகிறான். கருடன் விளையாட்டாக விட்ட பாம்பு மாதிரி என்கிறது பாகவதம். மேகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த தேவர்கள் பயந்துபோகிறார்கள். அவனோ நம்மைக் கண்டு பயந்துதான் விட்டார் என்று நினைத்து, கத்தியும் கேடயமும் எடுத்துக்கொண்டு திரும்ப வருகிறான். இரண்டாவது பிடியில்தான் வாசலுக்கு இழுத்துப்போய் மடியில் கிடத்துகிறார்.

தீபாராதனை முடிந்து பானகம் கொடுத்தார்கள். வெல்லத்தைவிடச் சுக்கு தூக்கல், தொண்டை எரிந்தது. பேரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்படியொரு வரத்தை ஏன் கொடுத்தாராம் பிரம்மா?" என்றான்.

"அதுக்கு அவருக்கும் திட்டு விழுந்துச்சு" என்றார் பாட்டி. "பாம்புக்குப் பால் வார்க்கிற மாதிரி இனிமே அசுரனுக்கெல்லாம் வரம் கொடுக்காதேன்னு பெருமாள் சொல்லிட்டுத்தான் போனார். குடி, மிச்சம் வைக்காதே."