வெளுத்துப்போன டீசல் பில்களும் மாமாவின் படகுக் கணக்கும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாமா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார். "மாப்ள, சீசன் கணக்கை முடிச்சுக் குடு. ஆளுங்க கேக்குறாங்க." உறையைப் பிரித்தால் உள்ளே இருந்ததில் பாதி வெறும் வெள்ளைத் தாள். உற்றுப் பார்த்தால் வெளிர் மஞ்சளில் ஏதோ நெளிந்தது.

கடலூர் முதுநகர் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பங்கு போடுவார்கள். ஒரு டீசல் பில்லை நான் கூட்டிப் படித்தால் தொழிலாளிகள் பங்கில் கை வைத்ததாகும். குறைத்துப் படித்தால் மாமா தலையில் விழும். தோராயமாகப் போட்டுவிடலாம் என்று நினைக்கக்கூட முடியாது. படகு டிரைவர் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேப்பரு வெள்ளையா இருக்கு. நீங்க சொல்றதுதான் கணக்கா தம்பி?"

மொத்தம் 63 பில்கள். மானிய டீசல் போதாமல் வெளியே பெட்ரோல் பங்கில் வாங்கியது 41, அவை தெர்மல் தாள். ஐஸ் கம்பெனி பில் 22, அவை டாட் மேட்ரிக்ஸ். இரண்டும் வெளுத்திருந்தாலும் நோய் வேறு, மருந்து வேறு. இது புரிவதற்குள் இரண்டு பில்களை நாங்களே கொன்றுவிட்டோம்.

முதல் கொலை மாமா பையனுடையது. இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று, கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த ஒரு பில்லை லேமினேஷன் செய்து கொண்டுவந்தான். தெர்மல் தாளில் மை கிடையாது. தாளின் பூச்சே சூடு பட்ட இடத்தில் கறுத்து எழுத்தாகிறது. லேமினேஷன் மெஷினுக்குள் முழுத்தாளும் சூடாகும், முழுத்தாளும் கறுக்கும். கரிக்கட்டை மாதிரி வந்தது, பளபளவென்று, நாலு ஓரமும் சீல் வைத்து.

இரண்டாவது கொலை என்னுடையது. ஹேர் டிரையரைப் பின்பக்கம் காட்டினால் பின்னணி கறுத்து எழுத்து மட்டும் வெளிறித் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். சில தாளில் அது வேலை செய்யும்தான். நான் நெருக்கிப் பிடித்துவிட்டேன், நாலைந்து நொடியில் எல்லாம் ஒரே கறுப்பு. பண்ணியதைத் திருப்ப முடியாது. செய்துபார்த்தே தீருவேன் என்பவர்கள் முதலில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுத்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. பாதிக்கு மேல் அந்தப் பிளாஸ்டிக் உறைதான் குற்றவாளி. பிவிசி உறையை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் தாளில் இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். செல்லோ டேப்பின் பசையும் அப்படித்தான். மாமா முக்கியமான பில்களின் தொகை வரி மேலேயே, அழியாமல் இருக்கட்டும் என்று, டேப் ஒட்டி வைத்திருந்தார். ஒட்டின இடம் மட்டும் துடைத்து எடுத்த மாதிரி போய்விட்டது, மேலே தேதியும் லிட்டரும் பளிச்சென்று நிற்கின்றன.

நகல் வாங்கிவிடலாம் என்று பெட்ரோல் பங்குக்கு ஒரு நடை போனேன். பழைய பில்லை மறுபடி எடுக்க முடியாது, வேண்டுமானால் இன்றைய தேதியில் ஒன்று அடித்துத் தருகிறேன் என்றார் மேசையில் இருந்தவர். இன்றைய தேதியில் படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். அரை நாள் போச்சு.

அடுத்தது ஜெராக்ஸ் கடை. "பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டா தெளிவா வரும் சார்" என்று தம்பி எடுத்துக்கொடுத்த பக்கங்களில் ஒன்றுமே இல்லை. பிறகுதான் உறைத்தது. கறுப்பு வெளுத்து மஞ்சளாகிவிட்டது. வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து கறுப்பு வெள்ளையில் காணாமல்தான் போகும். அதையே வண்ணத்தில் 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து, நீல நிறப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. மஞ்சள் நீல ஒளியை விழுங்கும். அதனால் நீலப் பகுதியில் அந்த எழுத்து இருட்டாக விழும். ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Decompose` போய் RGB தேர்ந்தால் மூன்று அடுக்கு வரும். சிவப்பு அடுக்கில் வெறும் தாள், நீல அடுக்கில் எண்கள். அங்கே `Curves` வைத்துக் கொஞ்சம் இழுத்தால் போதும். ரொம்ப இழுத்தால் தாளின் சுருக்கமே எண் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். படத்தை PNG ஆகவே சேமியுங்கள். JPG அழுத்தும்போது மங்கல் எழுத்தின் ஓரம் கெட்டுப்போகும், 3க்கும் 8க்கும் இருக்கும் வித்தியாசமே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்த 3, 8 விஷயத்தில்தான் நான் கவிழப் பார்த்தேன். ஒரு பில்லின் நீல அடுக்கைப் போனில் இருக்கும் எழுத்து படிக்கும் ஆப்பில் கொடுத்தேன். லிட்டர் 130.00 என்று தயங்காமல் சொன்னது. என் கண்ணுக்கும் 130 மாதிரிதான் பட்டது. எழுதியும் விட்டேன். ராத்திரி சரிபார்க்கும்போது தொகை வரியைப் பார்த்தால் 1, ஒரு மங்கல், 9, ஒரு மங்கல், 7, புள்ளி, 00. விலை லிட்டருக்கு 94.15, அதே நாள் வாங்கிய இன்னொரு பில்லில் சுத்தமாகத் தெரிந்தது. பெருக்கிப் பார்த்தேன். 130 லிட்டர் என்றால் 12,239.50. மூன்றாவது இலக்கம் 2 ஆகிறது, பில்லில் தெரிவதோ 9. 180 என்றால் 16,947.00, தெரிந்த எல்லா இலக்கமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. நடு இலக்கத்தில் 150, 160, 190 என்று மற்ற எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. வித்தியாசம் 4,707.50 ரூபாய், ஒரே பில்லில்.

அன்றிலிருந்து எந்த எண்ணையும் தனியாக நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். லிட்டர், விலை, தொகை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு விடைதான் பொருந்த வேண்டும். இரண்டு விடை பொருந்தினால் அந்த பில் சந்தேகக் கட்டுக்குப் போகும். இங்கே ஒரு எச்சரிக்கை: பெருக்கல் பைசா வரை சரியாக வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். "பத்தாயிரத்துக்குப் போடுங்க" என்று ரூபாய்க் கணக்கில் அடித்த பில்லில் லிட்டரை இரண்டு தசமத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் இந்த விலைக்கு அரை ரூபாய் வரை முன்பின் வரலாம். நான் இதற்காக ஒரு நல்ல பில்லைத் தள்ளி வைத்து அரை மணி நேரம் அலட்டிக்கொண்டேன்.

டேப் ஒட்டிய பில்களில் தொகை இல்லவே இல்லை. லிட்டரும் விலையும் தெளிவாக இருந்தால் பெருக்கி எடுத்துக்கொண்டேன், ஆனால் பக்கத்தில் 'பெருக்கியது' என்று குறித்து வைத்தேன். படித்த தொகையும் பெருக்கிய தொகையும் ஒன்றல்ல, கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும்.

இனி ஐஸ் பில். டாட் மேட்ரிக்ஸ் ஊசி ரிப்பன் வழியாகத் தாளைக் குத்தித்தான் எழுத்து வருகிறது. ரிப்பன் காய்ந்து மை ஏறாமல் போனாலும் குத்தின தடம் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தாளை ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பக்கவாட்டில் பிடித்தால் புள்ளிகளின் பள்ளம் நிழலாக விழும். டார்ச்சை இடமிருந்து ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை காட்டிப் படம் எடுத்தேன். ஒரு திசையில் தெரியாத கோடு இன்னொரு திசையில் தெரியும். பத்து நிமிடத்தில் ஆறு பில் முடிந்தது.

ஆனால் ஒரு பில் டார்ச்சுக்கும் மசியவில்லை. எழுத்து கறுப்பாகத்தான் இருந்தது. ஐஸ் பார் எண்ணிக்கையும் விலையும் எல்லாம் 0 மயமாக இருந்தது, தொகை மட்டும் 0640 என்று முடிந்திருந்தது. தொகை எங்கேயாவது 0வில் தொடங்குமா? கம்பெனி பெயரைக் கூர்ந்து பார்த்தேன். எல்லா எழுத்தின் நடுவிலும் ஒரே உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. நடு ஊசி ஒன்று வேலை செய்யவில்லை. 8இன் இடுப்பை வரைவது அந்த ஊசிதான். அது இல்லாவிட்டால் 8உம் 0உம் ஒன்று போலவே விழும். குத்தாத ஊசி பள்ளமும் போடாது, அதனால் டார்ச் அடித்துப் பயனில்லை. ரிப்பன் காய்ந்ததா, ஊசி செத்ததா என்று பிரித்துப் பார்க்க இந்த வெள்ளைக் கோட்டைத் தேடினால் போதும்.

டீசல் பில்லுக்குச் செய்த அதே பெருக்கல் வழியிலேயே போனேன். பார் எண்ணிக்கை 40 அல்லது 48. விலை 100, 108, 180, 188 இவற்றில் ஒன்று. எட்டுக் கூட்டையும் பெருக்கினேன். ஆயிரத்தில் 0 மாதிரியும் நூறில் 6உம் பத்தில் 4உம் வருவது ஒன்றே ஒன்று, 48 பெருக்கல் 180, அதாவது 8,640. டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "அந்த வாரம் பாரு நூத்தியெண்பதுதான் தம்பி" என்றார், பில்லைப் பார்க்காமலேயே.

அவரை உட்கார வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். நான் படித்த எண்ணைச் சொல்லாமல், படத்தை மட்டும் காட்டி அவரைத் தனியாகப் படிக்கச் சொன்னேன். இருவர் எழுதியதும் ஒத்துப்போனால் பெருக்கலுக்குப் போகும். ஒரு டீசல் பில்லுக்கு மாமாவின் டைரியில் 200 லிட்டர் என்று இருந்தது. அண்ணன் 160 என்று எழுதியிருந்தார், நானும் 160. தொகை வரியில் 15,0 வரை தெரிந்தது, 160 லிட்டருக்கு 15,064. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அன்னிக்கு நாப்பது லிட்டர் பக்கத்துப் படகுல கடன் வாங்குனது" என்றார். சரி, அதற்குப் பில் கிடையாது.

கடைசியில் 63இல் ஆறு தேறவில்லை. நாங்கள் கறுக்க வைத்த இரண்டு, மூன்று வரியுமே போய்விட்ட டீசல் பில் மூன்று, ஐஸ் தண்ணீரில் ஊறிக் கூழான ஒன்று. கொன்ற இரண்டையும் மாமா தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார். மற்ற நான்குக்கும், அந்த மாதத்தில் தெளிவாகப் படித்த பில்களில் இருந்த மிகக் குறைந்த தொகையைப் போட அண்ணன் ஒத்துக்கொண்டார். பங்குப் பணம் சனிக்கிழமை பட்டுவாடா ஆனது. பிளாஸ்டிக் உறை இப்போது என் வீட்டில், மின்சார அட்டையை வைக்கப் பயன்படுகிறது. மாமாவுக்குக் காக்கிக் காகித உறை ஒரு கட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பில் வாங்கியதும் அன்றைக்கே போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி.