ஈமு கம்பெனி கொடுத்த செக்

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, பெருந்துறைப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில் டிரஸ்டின் கணக்கு என்னிடம் வந்தது. கும்பாபிஷேகத் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி போக, ஈமு கோழி வளர்ப்புக்குப் பணம் வாங்கிய ஒரு கம்பெனியின் முதலாளி மூன்று லட்சம் ரூபாய்க்குச் செக் கொடுத்திருந்தார். கோபுர வேலையில் அதுவும் செலவாகியிருந்தது.

செக்காக வந்ததால் கமிட்டியில் யாருக்கும் உறுத்தவில்லை. கட்டுக்கட்டாக நோட்டு வந்தால்தான் நம் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். ஆனால் அந்தச் செக் முதலாளியின் சொந்தக் கணக்கிலிருந்து வரவில்லை, கம்பெனிக் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கில் இருந்ததோ விவசாயிகள் கட்டிய டெபாசிட். குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருவோம் என்றார்கள். கறிக்கோ முட்டைக்கோ சொல்லிக்கொள்ளும்படி சந்தை இல்லை. புதிதாகச் சேருபவர் கட்டியதை எடுத்துத்தான் பழையவருக்குக் கொடுத்தார்கள்.

2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. பணம் போட்டவர்களில் பலர் அந்தக் கோயிலைக் கும்பிடும் கூட்டத்துப் பங்காளிகள். "எங்க காசுலதானுங்க கோபுரம் நிக்குது" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். "அம்மன் காரியத்துக்குச் செலவாயிடுச்சு, கோபுரத்தை இடிச்சா தர முடியும்?" என்றார் தர்மகர்த்தா.

முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. கம்பெனியின் சொத்து போதாதபோது, அதனிடமிருந்து பணமோ பொருளோ வாங்கியவரிடம் சிறப்பு நீதிமன்றம் விளக்கம் கேட்கலாம். நல்லெண்ணத்தோடு வாங்கியதாகவும், பதிலுக்கு உரிய விலை கொடுத்ததாகவும் அவர் காட்ட வேண்டும். நன்கொடை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கோயில் எவ்வளவு வெள்ளை மனதோடு வாங்கியிருந்தாலும் பதிலுக்கு எதையும் விற்கவில்லையே! வாங்கியது செலவாகிவிட்டது என்பதும் முழுப் பதில் ஆகாது. அந்த மதிப்புக்குக் கோயிலின் வேறு சொத்தை முடக்கலாம்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றபோது ஒருவர், முதலாளியின் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவோம் என்றார். அதைவிட மோசமான யோசனை இல்லை. பணம் அவருடையதே அல்ல, அவர் கைக்குப் போனால் டெபாசிட்காரருக்கு எதுவும் மிஞ்சாது. சொத்துகளைப் பொறுப்பேற்கும் அதிகாரியான மாவட்ட வருவாய் அலுவலருக்குக் கடிதம் எழுதி, டி.டி. எடுத்துக் கட்டச் சொன்னேன். அதற்காகக் கோயிலின் வைப்புத்தொகையை உடைக்கக் கமிட்டியில் பெரிய சண்டை. நோட்டீஸ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பாதிப் பேர். பங்காளிகளின் வாய்க்குப் பயந்துதான் கடைசியில் கட்டினார்கள் என்று நினைக்கிறேன், சட்டத்துக்குப் பயந்து அல்ல.

இப்போது பெரிய தொகை வந்தால் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அந்தத் தொழிலில் யார் பணம் புழங்குகிறது என்று கமிட்டி கேட்கிறது. டெபாசிட் வாங்கும் நிதி கம்பெனிக்காரர் ஒருவர் இந்தக் கேள்விக்கே கோபித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் பக்கத்து ஊர்க் கோயில் மைக்கில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.