ரீடிங் ஆறரையில் நின்ற கதையும் கோட்டை மான்களும்

எனக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் ரீடிங்கில் ஏழு வேண்டும், முதல் தடவை வந்தது ஆறரை. சொல்வளம் போதாது என்று நினைத்து இரண்டு மாதம் சொற்பட்டியல் பாடமாக்கினேன், வீண் வேலை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா என் பயிற்சித் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ பிழைவிட்டதெல்லாம் ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவன் கேள்விகள்தான். அதிலயும் மே, சீம்ஸ், மோஸ்ட் வாற இடங்கள்தான்" என்றா. எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். கேள்வியில் வரும் கூற்று பத்தியோடு ஒத்துப்போனால் ட்ரூ, மோதினால் ஃபோல்ஸ், இரண்டும் இல்லாவிட்டால் நொட் கிவன்.

அக்கா விளங்கப்படுத்தியதை நம்ம ஊர் விஷயம் ஒன்றில் வைத்துச் சொல்கிறேன். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்கு நடுவே திரியும், போனவர்களுக்குத் தெரியும். அதை வைத்து ஒரு பத்தி வருகிறது என்று வையுங்கள் (என் கற்பனைதான், பரீட்சையில் ஆங்கிலத்தில் இருக்கும்): "மான்களில் பெரும்பாலானவை ஆட்களைக் கண்டு விலகுவதில்லை. மக்கள் கொடுக்கும் உணவு இதற்குக் காரணமாக இருக்கலாம்."

கேள்வி: "எல்லா மான்களும் ஆட்களைக் கண்டு விலகாமல் நிற்கின்றன." இது ஃபோல்ஸ். மோஸ்ட் என்று சொன்னவர் சில மான்கள் விலகுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறார், அதனால் 'எல்லாம்' நேராக மோதுகிறது.

அடுத்தது: "மான்கள் விலகாததற்குக் காரணம் மக்கள் கொடுக்கும் உணவு." நான் இதற்கு ட்ரூ போடுவேன், அது பிழை என்று தெரிந்த பிறகு ஃபோல்ஸ் போடத் தொடங்கினேன், அதுவும் பிழை. எழுதியவர் உணவுதான் காரணம் என்று உறுதி சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மோதல் இல்லாத இடத்தில் ஃபோல்ஸ் வராது, இது நொட் கிவன். ஆனால் அதே பத்தியில் "இது இன்னும் உறுதியாகவில்லை" என்று ஒரு வரி இருந்து, கேள்வி "உணவுதான் காரணம் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று வந்தால் அது ஃபோல்ஸ், ஏனென்றால் இப்போது மோதுகிறது. "உணவு ஒரு காரணமாக இருக்கக்கூடும்" என்று வந்தால் ட்ரூ. ஒரே மான், ஒரே உணவு, மூன்று விடை.

நமக்கு இது ஏன் தவறுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆங்கிலத்தில் மே வினைக்கு முன்னாலேயே வந்து நிற்கும், தமிழில் 'லாம்' வாக்கியத்தின் வாலில் தொங்கும். அவசரமாக மனதுக்குள் தமிழாக்கிப் படிக்கும்போது "உணவு காரணம்" வரைக்கும் வந்தவுடன் விளங்கிவிட்டது என்று அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறோம், வால் அறுந்துவிடுகிறது. 60 நிமிடத்தில் மூன்று நீளமான வாசிப்புப் பகுதிகள், 40 கேள்விகள் என்றால் தாவாமல் என்ன செய்வது!

சீம்ஸ் வேறு மாதிரி. வெளியில் தெரிவதை வைத்துத்தான் பேசுகிறேன் என்று எழுதியவர் கையைக் கொஞ்சம் பின்னால் எடுக்கிறார். முதல் பார்வையில் அப்படித் தோன்றுகிறது என்று ஆரம்பித்தால் அநேகமாகப் பின்னால் ஒரு 'ஆனால்' காத்திருக்கும், அவருடைய சொந்தக் கருத்து அதற்கு அப்புறம்தான். யெஸ், நோ, நொட் கிவன் கேள்விகளில் கேட்பது எழுதியவரின் கருத்தை, ஆகவே அவர் கவிழ்க்கப்போகும் கருத்தை அவர் தலையில் கட்டக்கூடாது. "பெரும்பாலான ஆய்வாளர்கள் நம்புகிறார்கள்" என்பதும் இதே வகை: ஆய்வாளர்கள் நம்புகிறார்கள் என்பது மட்டும்தான் அவர் சொன்னது, தானும் நம்புவதாகச் சொல்லவில்லை.

மே எல்லா இடத்திலும் சந்தேகம் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "வீடு சின்னதாக இருக்கலாம், ஆனால் கடற்காற்று வருகிறது" என்று டச்பே பக்கம் வீடு காட்டுகிறவர் சொன்னால் வீட்டின் அளவில் அவருக்குச் சந்தேகமா? சின்னது என்று ஒத்துக்கொண்டுவிட்டு மேலே போகிறார். ஆங்கில மேயும் அப்படித்தான், பின்னால் ஒரு பட் வந்தால் அது ஒத்துக்கொள்ளும் மேயா என்று பார்க்க வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். முதலில் கேள்வியில் இருக்கும் ஓல், மோஸ்ட், மே, ஒன்லி போன்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிடுவேன், பிறகு பத்தியில் அதற்கு ஈடான வரியைத் தேடி அங்கேயும் வட்டமிடுவேன், இரண்டு வட்டத்தையும் எடை பார்ப்பேன். ஆரம்பத்தில் இது தலைக்கேறி மே கண்ட இடமெல்லாம் நொட் கிவன் போட்டு இன்னும் மோசமாக்கினேன். பத்தியில் மே, கேள்வியில் மைட் என்றால் எடை ஒன்றுதான். மோஸ்டும் மஜோரிட்டியும் அப்படியே. சொல் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டியது எடை ஏறியிருக்கிறதா என்பதை.